ஆறு என்றால் நிற்கும், ஐந்து என்றால் நிற்காது

ஒரு சமன்பாடு. அதில் ஓர் எண்ணை மட்டும் நம் விருப்பப்படி மாற்றலாம். அந்த எண் 6 என்றால், விடை ஒரு சில சின்னங்களில் அடங்கும் எளிய கோவை: 1 − 3x². அதே எண்ணை 5 ஆக்கினால், விடை முடிவில்லாத தொடராகி, x இன் மதிப்பு 1 ஐ நெருங்கும்போது எல்லை கடந்து பெருகிவிடுகிறது. 2, 12, 20, 30 ஆகியவையும் 6 ஐப் போலவே நல்ல விடை தரும். 7, 8, 9 தருவதில்லை. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை, பள்ளிக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

சமன்பாடு இதுதான்:

(1 − x²)y″ − 2xy′ + n(n+1)y = 0

y என்பது நாம் தேடும் சார்பு. y′ அதன் மாறும் வேகம். Y″ அந்த வேகம் மாறும் வேகம். 1780களில் பாரிஸில் இந்தச் சிக்கலில் இறங்கியவர் ஆட்ரியன் மரீ லெஜாந்தர். அவர் கேட்டது வானியல் கேள்வி. முழுமையான கோளம் ஒன்று வெளியே உள்ள பொருளை ஈர்க்கும்போது, தன் நிறை முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதுபோலவே ஈர்க்கும் என்று நியூட்டன் காட்டியிருந்தார். ஆனால் சுழலும் கோள்கள் துருவங்களில் சற்றுத் தட்டையானவை. அவற்றின் ஈர்ப்பு, தொலைவை மட்டுமல்லாமல் திசையையும் பொறுத்தது. அந்தத் திசைச் சார்பை எப்படி எழுதுவது?

மேலே உள்ள x அந்தத் திசையைத்தான் குறிக்கிறது. வட துருவ அச்சிலிருந்து அளந்த கோணத்தின் கொசைன் அது. வட துருவத்தில் x = 1, நிலநடுக்கோட்டில் 0, தென் துருவத்தில் −1. இனி n(n+1) எப்படி உள்ளே வந்தது என்று பார்ப்போம். ஈர்ப்பின் அளவு r என்ற தொலைவின் ஓர் அடுக்காக, rⁿ என்று, மாறுகிறது என வைத்துக்கொள்வோம். பொருளுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் ஈர்ப்புப் புலத்துக்கு உரிய விதி, தொலைவுப் பகுதியில் ‘r² பெருக்கல் இரண்டாம் வகைக்கெழு, கூட்டல் 2r பெருக்கல் முதல் வகைக்கெழு’ என்று கேட்கிறது. rⁿ ஐ அதில் இட்டால் n(n−1) + 2n கிடைக்கும். அதாவது n(n+1). தொலைவுப் பகுதியில் பிறந்த இந்த எண்ணைத்தான் திசைப் பகுதி எதிர்கொண்டு சமாளிக்க வேண்டும்.

விடை என்ன வடிவத்தில் இருக்கும் என்று தெரியாதபோது, அதை x இன் அடுக்குகளாக விரித்து எழுதுவது பழைய வழி:

y = a₀ + a₁x + a₂x² + a₃x³ + …

இதைச் சமன்பாட்டில் இட்டு, xᵏ இன் கெழுக்களை மட்டும் ஒன்றுதிரட்டுவோம். y″ இலிருந்து (k+2)(k+1)aₖ₊₂ வரும். −x²y″ இலிருந்து −k(k−1)aₖ வரும். −2xy′ இலிருந்து −2kaₖ வரும். கடைசி உறுப்பு n(n+1)aₖ. நடுவில் உள்ள இரண்டையும் சேர்த்தால் k(k−1) + 2k, அதாவது k(k+1). தொலைவுப் பகுதியில் நடந்த அதே கூட்டல் இங்கேயும் நடக்கிறது. அங்கே n, இங்கே k, அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து பூஜ்யமாக வேண்டும் என்பதால்:

aₖ₊₂ = [k(k+1) − n(n+1)] / [(k+1)(k+2)] × aₖ

இந்த ஒரே வரியில் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு கெழு தெரிந்தால், இரண்டு படி தள்ளி அடுத்த கெழு தெரியும். ஆகவே இரட்டை அடுக்குகள் தனி வரிசையாகவும், ஒற்றை அடுக்குகள் தனி வரிசையாகவும் போகும். ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. k படிப்படியாக ஏறும்போது k(k+1) எடுக்கும் மதிப்புகள் 0, 2, 6, 12, 20, 30… எதிரே நிற்பது n(n+1) என்ற நிலையான எண். ஏதேனும் ஒரு படியில் இரண்டும் சமமானால் தொகுதி பூஜ்யம். அடுத்த கெழு பூஜ்யமானால், அதிலிருந்து பிறக்கும் அத்தனை கெழுக்களும் பூஜ்யம். தொடர் அங்கேயே நின்று பல்லுறுப்புக் கோவையாகிறது.

n = 2 ஐப் போட்டுப் பார்ப்போம். n(n+1) = 6. a₀ = 1 என்று தொடங்கினால், k = 0 இல் a₂ = (0 − 6)/2 = −3. k = 2 இல் தொகுதி 6 − 6 = 0; a₄ இல்லை, அதற்கு மேலும் எதுவும் இல்லை. விடை 1 − 3x². சரிதானா என்று திரும்ப இட்டுப் பார்த்துவிடலாம்: y′ = −6x, y″ = −6. சமன்பாட்டின் இடப்பக்கம் −6 + 6x² + 12x² + 6 − 18x² ஆகிறது. எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். x = 1 இல் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி, இதை −2 ஆல் வகுத்து (3x² − 1)/2 என்று எழுதுவார்கள். இதுவே இரண்டாம் படி லெஜாந்தர் பல்லுறுப்புக் கோவை. n = 3 க்கு ஒற்றை வரிசையில் இதேபோல் நடந்தால் (5x³ − 3x)/2 கிடைக்கும்.

இனி 6 இருந்த இடத்தில் 5. n(n+1) = 5 என்றால் n ஏறத்தாழ 1.79, முழு எண் அல்ல. a₂ = −5/2. k = 2 இல் தொகுதி 6 − 5 = 1; பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்டிவிட்டது. a₄ = −5/24, a₆ = −5/48, அப்படியே போய்க்கொண்டிருக்கும். கெழுக்கள் சிறுத்துக்கொண்டுதானே போகின்றன, தொடர் நீண்டால் என்ன குறை என்று தோன்றலாம். குறை, அவை போதிய வேகத்தில் சிறுப்பதில்லை என்பதே.

அதைக் காண, ஒவ்வொரு கெழுவையும் அதன் அடுக்கால் பெருக்கி bₖ = k × aₖ என்று வைப்போம். மேலே உள்ள விதி இப்படி எளிதாகிவிடும்:

bₖ₊₂ = bₖ × [1 − 5/(k(k+1))]

குறிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், b₂ முதல் மதிப்புகள் 5, 0.833, 0.625, 0.551, 0.512, 0.489… பெருக்கும் காரணி 1 ஐ மிக விரைவாக நெருங்குவதால், இந்த வரிசை பூஜ்யத்துக்கு இறங்காமல் 0.39 அருகே போய் நின்றுவிடும். அப்படியானால் தொலைவான கெழுக்கள் எல்லாம் ஏறத்தாழ 0.39/k. x = 1 இல் அவற்றைக் கூட்டுவது, 1/2 + 1/4 + 1/6 + … என்ற தொடரை ஒரு மாறிலியால் பெருக்கிக் கூட்டுவதற்கு ஒப்பானது. இந்தத் தொடர் எவ்வளவு பெரிய எண்ணையும் தாண்டிவிடும் என்பது 14ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட செய்தி.

5 க்குப் பதில் எந்த எண்ணைப் போட்டாலும் கதை இதுதான். காரணிகளில் ஒன்றுகூடப் பூஜ்யமாகாதவரை b பூஜ்யத்துக்கு இறங்காது; துருவத்தில் தொடர் எல்லையின்றிப் பெருகும். தப்பிக்க ஒரே வழி, ஒரு காரணி சரியாகப் பூஜ்யமாவது. k ஒரு முழு எண். ஆகவே n உம் முழு எண்ணாக வேண்டும்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம் உண்டு. n முழு எண் என்றவுடன், சமன்பாட்டின் எல்லா விடைகளும் பல்லுறுப்புக் கோவைகள் என்று நினைத்துவிடுவார்கள். நிற்பது ஒரு வரிசைதான். n = 2 க்கு ஒற்றை வரிசை x − (2/3)x³ − (1/5)x⁵ − … என்று ஓடிக்கொண்டே இருக்கும்; ஒற்றைப்படை k ஒருபோதும் 2 ஆகாது. n = 0 க்கு ஓடும் வரிசை x + x³/3 + x⁵/5 + …; இது ½ ln[(1+x)/(1−x)] என்ற மடக்கைச் சார்பே. துருவத்தில் அது முடிவிலிக்குப் போவது கண்கூடு.

n முழு எண் இல்லாதபோது, ஓடும் இரண்டு வரிசைகளையும் கலந்து பெருக்கத்தை அடக்க முடியாதா? ஒரு முனையில் முடியும். x = 1 இல் ஒன்றின் பெருக்கத்தை மற்றொன்று அழிக்கும்படி அளவு பார்த்துக் கலக்கலாம். ஆனால் x = −1 க்குப் போனால் இரட்டை வரிசை அப்படியே இருக்க, ஒற்றை வரிசை குறி மாறிவிடும். அங்கே அழித்தவை இங்கே சேர்ந்துகொள்ளும். இரு துருவங்களிலும் நல்லபடி நடந்துகொள்ளும் விடை முழு எண்ணுக்கு மட்டுமே உண்டு. பூமியின் ஈர்ப்பு எந்தத் துருவத்திலும் முடிவிலி ஆவதில்லை. முழு எண் என்ற கட்டாயம் அந்த உண்மையிலிருந்து வருகிறது.

ஆகவே பூமியின் ஈர்ப்பை n = 0, 2, 3, 4… என்று முழு எண் வரிசையில் பிரித்து எழுதலாம். (தொடக்கப் புள்ளியை நிறை மையத்தில் வைத்தால் n = 1 மறைந்துவிடும்.) (3x² − 1)/2 துருவங்களில் 1, நிலநடுக்கோட்டில் −½, சுமார் 35 பாகை அகலாங்கில் பூஜ்யம். தட்டையான கோளின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. பூமிக்கு அதன் கெழுவின் அளவு 0.00108. மூன்றாம் படி வடக்கையும் தெற்கையும் வேறுபடுத்திக் காட்டும். 1958இல் ஏவப்பட்ட வான்கார்ட் 1 செயற்கைக்கோளின் பாதை மாற்றங்களிலிருந்து அந்த உறுப்பைக் கணித்து, பூமியில் பேரிக்காயின் சாயலும் சிறிது உண்டு என்று 1959இல் அறிவித்தார்கள். அதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 2.5 பங்கு.

இந்த விதிக்கு எல்லையும் உண்டு. மின்னேற்றம் பெற்ற கூம்பு ஒன்றின் கூர்முனையைச் சுற்றியுள்ள வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அச்சுத் திசையை வெளி நிரப்புகிறது. எதிர்த் திசையில் உலோகமே நிற்கிறது. கவலைப்பட வேண்டிய துருவம் ஒன்றுதான். அந்த ஒரு முனையில் பெருக்கத்தை அழித்துவிட்டால் போதும் என்பதால், அங்கே n முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. கூம்பின் பரப்பில் மின்னழுத்தம் மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே n ஐத் தீர்மானிக்கும். கூம்பு விரிந்து தட்டையான தகடானால் n = 1; ஊசிபோல் ஒடுங்கினால் n பூஜ்யத்தை நெருங்கும்; இடையில் பின்னங்கள். மின்புலம் rⁿ⁻¹ என்று மாறுவதால், n ஒன்றுக்குக் குறைந்தவுடன் முனையருகே புலம் கூர்மையாக ஏறுகிறது. ஊசிமுனையில் மின்சாரம் கசிவதற்குக் காரணமான அந்த ஏற்றத்தின் அளவைச் சொல்வது, நிற்காமல் ஓடும் தொடருக்குரிய பின்ன n தான்.