ஈ.எஸ்.ஆர் 92, சி.ஆர்.பி 3

64 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று மாதமாக முதுகுவலி என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாப்பாடு இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈ.எஸ்.ஆர் 92 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. அடுத்த வரியில் சி.ஆர்.பி லிட்டருக்கு 3 மில்லிகிராம். அது இயல்பான அளவு. இரண்டுமே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சோதனைகள்தானே, ஒன்று எகிறி நிற்கும்போது மற்றது ஏன் அசையாமல் இருக்கிறது? வேறொரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தாலும் எண்கள் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் இரண்டுமே சரிதான். அவை ஒத்துப்போகாததுதான் இங்கே கிடைத்திருக்கும் முக்கியமான தடயம்.

அதைப் புரிந்துகொள்ள, இந்தச் சோதனைகள் உண்மையில் எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சி.ஆர்.பி என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நோய் முற்றியிருந்தபோது இருந்த அந்தப் பொருள், நோயாளி தேறியதும் மறைந்துபோனது. ஆனால் அது நிமோனியாவுக்கு மட்டும் உரியதல்ல என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கிருமி நுழைந்தாலும், எலும்பு முறிந்தாலும், அறுவை சிகிச்சை நடந்தாலும், மூட்டுகளை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கினாலும், பாதிக்கப்பட்ட இடத்திலுள்ள செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற வேதிச் செய்தியை ரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலை எட்டியதும் சி.ஆர்.பி உற்பத்தி தொடங்கிவிடுகிறது. செய்தி எந்த உறுப்பிலிருந்து வந்தது, எதனால் வந்தது என்பது கல்லீரலுக்குத் தெரியாது. எனவே அந்த விவரம் சி.ஆர்.பி எண்ணிலும் இருக்காது.

இதன் பெரிய பலம் வேகம். தூண்டுதல் கிடைத்த ஆறு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாள் வாக்கில் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றுவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இந்தக் கழிவு வேகம் ஆரோக்கியமானவருக்கும் நோயாளிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே இன்றைய சி.ஆர்.பி, கல்லீரல் இப்போது எவ்வளவு தயாரிக்கிறது என்பதை ஓரளவு நேராகவே சொல்லிவிடுகிறது.

ஈ.எஸ்.ஆர் முற்றிலும் வேறு வகை. அது எந்தப் பொருளையும் அளப்பதில்லை, ஒரு நிகழ்வை அளக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ராபின் ஃபோரியஸ் 1918இலும் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921இலும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறைதான் இன்றும் அடிப்படை. நான்கு பங்கு ரத்தத்துடன் ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசலைக் கலந்து, உறையாமல் செய்து, மெல்லிய நீண்ட கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் அடியில் இறங்க, மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா எத்தனை மில்லிமீட்டர் தெளிகிறதோ அதுதான் ஈ.எஸ்.ஆர்.

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மெதுவாக இறங்கும். அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுகிறது. அது இந்த விலக்கத்தைத் தணித்துவிட, சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கு கனமானது, அதனால் வேகமாக இறங்குகிறது. ஆன்டிபாடிகள் என்று நாம் அறிந்த இம்யூனோகுளோபுலின்கள் மிகுந்தாலும் இதேதான் நடக்கும். ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கு நாள் போல ஆகும், இம்யூனோகுளோபுலின் ஜி என்ற வகைக்கு மூன்று வாரம் வேண்டும். அதனால் ஈ.எஸ்.ஆர் தாமதமாக ஏறுகிறது, நோய் அடங்கிய பிறகும் வாரக்கணக்கில் இறங்க மறுக்கிறது.

இறங்கும் வேகம்தான் அளவு என்பதால், அந்த வேகத்தைத் தொடும் எதுவும் எண்ணைத் தொட்டுவிடும். ரத்தசோகையில் சிவப்பணுக்கள் குறைவு. நெரிசல் இல்லாமல் அவை எளிதாக இறங்குவதால் ஈ.எஸ்.ஆர் கூடும். கர்ப்பகாலத்தில் ஃபைப்ரினோஜன் இயல்பாகவே அதிகம், அதனாலும் கூடும். சிறுநீரகக் கோளாறில் கூடும். சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தாலோ, அரிவாள் வடிவச் சிவப்பணு நோய்போல அவற்றின் உருவமே மாறியிருந்தாலோ அடுக்கு சேராது. அப்போது உள்ளே அழற்சி இருந்தும் எண் குறைவாகவே வரும். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே எண் ஏறிவிடும். வயது கூடக் கூட இயல்பான அளவும் ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 சேர்த்து அதில் பாதி என்ற எளிய கணக்கை மருத்துவர்கள் மேல்வரம்பாகக் கொள்வதுண்டு. அதன்படி 64 வயதுப் பெண்ணுக்கு 37 வரை போகலாம். 20க்கு மேல் போனாலே அறிக்கையில் அம்புக்குறி போடும் லேப் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம் நோயாளியின் 92, அந்த 37ஐயும் தாண்டி வெகு தூரத்தில் இருக்கிறது. ஹீமோகுளோபின் 8.9 என்று வருகிறது, ஆகவே ரத்தசோகை ஒரு பகுதிக் காரணம். ஆனால் அது மட்டும் இவ்வளவு ஏற்றியிருக்குமா என்பது சந்தேகம். பெரிய தொற்றோ தீவிர அழற்சியோ இருந்திருந்தால் சி.ஆர்.பி பெரும்பாலும் உடன் ஏறியிருக்கும். ஏறவில்லை. அப்படியானால் சிவப்பணுக்களை ஒட்டவைப்பது ஃபைப்ரினோஜனாக இல்லாமல், மிகையான இம்யூனோகுளோபுலினாக இருக்கலாமோ என்று யோசிக்கும் மருத்துவர், சாதாரணக் கல்லீரல் பரிசோதனையிலேயே இருக்கும் இரண்டு வரிகளைப் பார்ப்பார். மொத்தப் புரதம் 9.4, அல்புமின் 3.4. கழித்தால் 6. ஆன்டிபாடிகள் உள்ளிட்ட பிற புரதங்கள் இயல்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கின்றன. கிரியாட்டினினும் உயர்ந்திருக்கிறது. அடுத்து ரத்தப் புரதங்களை வகைபிரிக்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனை. அதில் ஒரே வகை ஆன்டிபாடி கூரிய கோபுரமாக எழுந்து நிற்கிறது. எலும்புமஜ்ஜை பரிசோதனை மல்டிபிள் மைலோமா என்று உறுதி செய்கிறது. அது மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் தோன்றும் புற்றுநோய். முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகப் பாதிப்பு மூன்றுக்கும் காரணம் அதுவே.

இங்கே ஈ.எஸ்.ஆர் நோயின் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து எந்தப் பரிசோதனையைக் கேட்பது என்று யோசிக்க வைத்தது, அவ்வளவே.

தலைகீழான நிலையும் உண்டு. மாலையில் குளிர்காய்ச்சல் தொடங்கிய இளைஞர் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்றால் ஈ.எஸ்.ஆர் 12 என்று சாதுவாக இருக்கும். ஃபைப்ரினோஜன் கூட இன்னும் நாள் ஆகவில்லை. சி.ஆர்.பிகூட முதல் சில மணி நேரத்தில் 10, 15 என்ற அளவில் நின்று, மறுநாள் 150ஐத் தாண்டலாம். குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்ற சந்தேகத்துடன் வயிற்றுவலியின் தொடக்கத்திலேயே எடுத்த சி.ஆர்.பி இயல்பாக இருப்பதை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தாக முடியலாம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

லூபஸ் நோயில் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமாகப் பயன்படுகிறது. அந்நோய் தீவிரமாகும்போது ஈ.எஸ்.ஆர் ஏறினாலும் பலருக்கு சி.ஆர்.பி அவ்வளவாக ஏறுவதில்லை. அப்படிப்பட்ட நோயாளிக்குக் காய்ச்சலோடு சி.ஆர்.பியும் சட்டென்று உயர்ந்தால், மருத்துவர் முதலில் தொற்று ஏதும் இருக்கிறதா என்று தேடுவார். நோயின் சீற்றத்துக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், தொற்றுக்கோ ஆன்டிபயாட்டிக் வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. இதிலும் விதிவிலக்கு உண்டு: நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ லூபஸ் அழற்சி வந்தால் தொற்றே இல்லாமலும் சி.ஆர்.பி ஏறும்.

நம் ஊரில் ஈ.எஸ்.ஆர் கூடினால் காசநோய் என்ற எண்ணம் இன்னும் ஆழமாக இருக்கிறது. காசநோயில் ஈ.எஸ்.ஆர் பெரும்பாலும் கூடும் என்பது உண்மை. ஆனால் கூடாத காசநோயாளிகளும் இருக்கிறார்கள், கூடியவர்களில் காசநோயே இல்லாதவர்களும் ஏராளம். சளியிலோ திசுவிலோ கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை செய்யாமல் இந்த ஒரு எண்ணை நம்பி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பதும் தவறு, எண் இயல்பாக இருக்கிறதென்று விடாத இருமலை அலட்சியம் செய்வதும் தவறு.

சி.ஆர்.பி 100ஐத் தாண்டினால் பாக்டீரியாத் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். அதற்காக அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. பெரிய அறுவை சிகிச்சை, கணைய அழற்சி, கடுமையான கோவிட் ஆகியவையும் அங்கே கொண்டுபோய் விடும். கல்லீரல் செயலிழந்தவருக்குத் தயாரிப்பே நடக்காது என்பதால் கடும் தொற்றிலும் எண் குறைந்து நிற்கலாம். முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவருக்கு இன்டர்லூக்கின்-6 செய்தியே தடுக்கப்படுவதால், உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் சி.ஆர்.பி இயல்பாக வரக்கூடும். இன்னொரு சிக்கல் அலகில் இருக்கிறது. சில லேப்கள் லிட்டருக்கும் சில டெசிலிட்டருக்கும் கணக்கிடுகின்றன, இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஓர் இடத்தில் 48 என்றும் மறுவாரம் வேறிடத்தில் 4.8 என்றும் வந்தால் நோய் குறைந்ததாக மகிழ்வதற்குமுன் அலகைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம்.

ஒற்றை எண்ணைவிட அது போகும் திசைக்குப் பயன் அதிகம் என்பதை முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் தெளிவாகக் காணலாம். சிகிச்சை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் சி.ஆர்.பி 150, 200 என்று ஏறுவது எதிர்பார்த்ததே. கத்தி பட்ட திசுவின் இயல்பான பதில் அது. பிறகு நாளுக்கு நாள் இறங்க வேண்டும். ஐந்தாம் நாள் 90க்கு வந்த எண் எட்டாம் நாள் 160க்கு ஏறினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவர் விழித்துக்கொள்வார். ஈ.எஸ்.ஆர் அன்றைக்கு உதவாது, ஏனென்றால் சிக்கலே இல்லாதவருக்கும் அது அப்போது உயர்ந்துதான் இருக்கும். இரண்டாவது ஏற்றம் புதிய மூட்டில் வந்த தொற்றாலா, நுரையீரலில் வந்ததாலா, சிறுநீர்ப் பாதையில் வந்ததாலா என்று சி.ஆர்.பி சொல்லாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் தெளிவாக இருந்தால், ஊசி மூலம் மூட்டிலிருந்து நீரை எடுத்து வெள்ளணுக்களை எண்ணுகிறார்கள், கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புகிறார்கள். என்ன கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லும் என்ற பதில் அந்த நீரிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.