இரண்டாம் நகர்விலேயே வரும் ராணி: என்ன பதில் சொல்வது?

சதுரங்கத்தில் இரு தரப்பும் ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினால், அடுத்து வெள்ளை தன் குதிரையை வெளியே கொண்டுவருவதுதான் வழக்கம். சிலர் அப்படிச் செய்வதில்லை. ராணியை நேராகப் பலகையின் ஓரத்துக்கு, h5 கட்டத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள்.

```
1. e4 e5
2. Qh5
```

இதற்கு டான்வர்ஸ் ஓபனிங் என்று பெயர். இதை விடாமல் ஆடிவந்த பெர்னார்ட் பார்ஹாம் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரால் பார்ஹாம் அட்டாக் என்றும் சொல்வார்கள். பள்ளிப் போட்டிகளில் இதைச் சந்திக்காதவர்கள் குறைவு. நாலே நகர்வில் ஆட்டத்தை முடித்துவிடலாம் என்ற ஆசையில் புதியவர்கள் இதை ஆடுகிறார்கள். ஆனால் புதியவர்கள் மட்டும் ஆடுவதில்லை. 2005-ஆம் ஆண்டு மே மாதம், கோபன்ஹேகனிலும் மால்மோவிலும் நடந்த சிகெமன் போட்டியில், அமெரிக்காவின் ஹிகாரு நகமுரா இதே ராணி நகர்வை ஒரு கிராண்ட்மாஸ்டருக்கு எதிராகவே ஆடினார். எதிரே அமர்ந்திருந்தவர் சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணன் சசிகிரண்.

பதிலைத் தேடும் முன், அந்த ராணி எதையெல்லாம் குறிவைக்கிறது என்று பார்க்க வேண்டும். h5-இலிருந்து குறுக்குவாட்டில் போனால் கறுப்பின் e5 சிப்பாய் நிற்கிறது. அதற்குக் காவல் யாரும் இல்லை. மூலைவாட்டில் போனால் f7 சிப்பாய். அதற்கு ராஜா மட்டுமே காவல்.

கண்ணை உறுத்துவது f7தான், ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது அல்லவா. ஆனால் இந்த நொடியில் அங்கே ஆபத்து இல்லை. ராணி தனியாகப் போய் f7-ஐ வெட்டினால் ராஜாவே ராணியை வெட்டிவிடும். வெள்ளைக்குத் துணைக்கு இன்னொரு காய் வந்தால்தான் அந்த மிரட்டல் உயிர் பெறும். இப்போது உண்மையில் பறிபோகக் கூடியது e5 சிப்பாய்தான். இந்த இரண்டு மிரட்டலில் எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிக்காதவர்கள் எங்கே விழுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. ராணியைப் பார்த்ததும் அதை விரட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. கை தானாக g7 சிப்பாயை ஒரு கட்டம் முன்னே, g6-க்கு நகர்த்துகிறது. ராணி ஓடவில்லை, e5 சிப்பாயை வெட்டி, அதே அடியில் ராஜாவுக்குச் செக்கும் சொல்கிறது. g7 இப்போது காலி என்பதால், e5-இலிருந்து h8 வரை மூலைவாட்டுப் பாதை முழுவதும் திறந்துகிடக்கிறது. கறுப்பு செக்கைத் தடுத்த அடுத்த நொடியே h8-இல் நிற்கும் யானை போய்விடும். மூன்றே நகர்வில் ஒரு சிப்பாயும் ஒரு யானையும் நஷ்டம்.

எனவே முதல் கடமை e5-க்குக் காவல் போடுவது. அதற்கு முக்கியமாக நாலு வழி உண்டு. d7 சிப்பாயை d6-க்கு நகர்த்தலாம். காவல் கிடைக்கும், ஆனால் f8-இல் இருக்கும் பிஷப்பின் பாதை அடைபடும். ராணியை e7-க்குக் கொண்டுவரலாம். அதுவும் அதே பிஷப்பை அடைக்கும். ராணியை f6-இல் நிறுத்தலாம். அப்போது குதிரைக்கு உரிய நல்ல இடம் பறிபோகும். நாலாவது வழி, b8 குதிரையை c6-க்குக் கொண்டுவருவது. அந்தக் குதிரை ஆட்டத்தின் தொடக்கத்தில் எப்படியும் வெளியே வர வேண்டியதுதான். பெரும்பாலும் வந்து நிற்கும் இடமும் c6தான். காவலும் கிடைக்கிறது, காயும் வெளியே வருகிறது, யார் பாதையும் அடைபடவில்லை. முதல் மூன்றும் தோற்கும் நகர்வுகள் அல்ல. ஆனால் அவை காவலுக்கு ஒரு விலை கேட்கின்றன, குதிரை கேட்பதில்லை.

இன்னொரு துணிச்சலான பதிலும் இருக்கிறது. மறுபக்கக் குதிரையை f6-க்கு ஆடி ராணியைத் தாக்குவது. வெள்ளை e5-ஐ செக்குடன் வெட்டும். கறுப்பு பிஷப்பை e7-இல் வைத்துத் தடுக்கும். சிப்பாய் ஒன்று போனாலும், வெளியே அலையும் ராணியை விரட்டியபடியே கறுப்பு தன் காய்களை வேகமாக வெளியே கொண்டுவரலாம். இதை விரும்பி ஆடுவோர் உண்டு. ஆனால் கிடைத்த வேகத்தை அடுத்த சில நகர்வுகளில் பயன்படுத்தத் தெரியாதவருக்கு மிஞ்சுவது ஒரு சிப்பாய் குறைவு மட்டும்தான்.

நாம் குதிரையை c6-இல் வைத்துவிட்டோம். வெள்ளையின் அடுத்த நகர்வு பெரும்பாலும் பிஷப்பை c4-க்குக் கொண்டுவருவது. இப்போதுதான் நாளைய மிரட்டல் இன்றைய மிரட்டலாகிறது. f7-ஐ ராணியும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கின்றன. ராணி அங்கே வெட்டினால் ராஜாவால் திருப்பி வெட்ட முடியாது. பிஷப் காவல் காக்கிறது. அது செக்மேட். இந்த இடத்தில் ராணியைத் தாக்குவதற்காக f6-க்குக் குதிரையைக் கொண்டுவருபவர் அடுத்த நகர்விலேயே தோற்றுவிடுவார். முந்தைய நகர்வில் துணிச்சலாக இருந்த அதே குதிரை நகர்வு இங்கே தற்கொலை.

சென்ற முறை யானையைப் பறிகொடுத்த g6 நகர்வோ இப்போது மிகச் சரியான பதில். சிப்பாய் ராணியின் பாதையை மறித்து, ராணியையும் தாக்குகிறது. e5-க்கு c6 குதிரை காவலாக இருப்பதால், ராணி அங்கே வெட்டினால் குதிரை ராணியையே வெட்டிவிடும். ஆகவே ராணி பின்வாங்கித்தான் ஆக வேண்டும். நகர்வில் ஒரு மாற்றமும் இல்லை, e5-க்குக் காவல் முன்பே வந்துவிட்டது என்பது மட்டுமே வித்தியாசம். இந்தத் தொடக்கத்துக்கு நல்ல பதில் எது என்பதைக் காட்டிலும், அந்தப் பதில் எப்போது நல்லதாகிறது என்பதுதான் கேள்வி.

ராணி சாதாரணமாக f3-க்குப் போகும். விலகியது போலத் தெரிந்தாலும், அங்கிருந்து f வரிசை வழியாக மறுபடியும் f7-ஐயே பார்க்கிறது. c4 பிஷப்பும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. செக்மேட் மிரட்டல் அப்படியே இருக்கிறது. இங்கே கறுப்புக்கு ஒரு சபலம் வரும்: c6 குதிரையை d4-க்குத் தாண்டவைத்து ராணியைத் தாக்கலாமே என்று. தாக்கலாம், ஆனால் ராணி f7-ஐ வெட்டி ஆட்டத்தை முடித்துவிடும். முதலில் g8 குதிரை f6-இல் வந்து ராணிக்கும் f7-க்கும் நடுவே நிற்க வேண்டும்.

```
2. ... Nc6
3. Bc4 g6
4. Qf3 Nf6
```

இந்த நிலையில் கணக்குப் பாருங்கள். கறுப்பின் இரண்டு குதிரைகளும் தங்கள் நல்ல இடங்களில் நிற்கின்றன. g6 சிப்பாயும் வீணாகவில்லை. அது திறந்துவிட்ட g7-இல் பிஷப் வந்து அமரும். வெள்ளையோ ஒரே ராணியை இரண்டு முறை நகர்த்தியிருக்கிறது. அதோடு, அந்த ராணி இப்போது நிற்பது வெள்ளைக் குதிரைக்கு மிகவும் பிடித்த f3 கட்டத்தில். குதிரை e2 போன்ற சுமாரான இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டு வந்த ராணிக்கு வெள்ளை கொடுக்கும் விலை இதுதான்.

இதோடு நிற்க மனமில்லாத ஒருவர் g2 சிப்பாயை g4-க்குத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து g5-க்குப் போய் f6 குதிரையை விரட்டி, f7-ஐத் திறந்துவிடலாம் என்பது திட்டம். சற்று முன் தவறாக இருந்த d4 குதிரைத் தாண்டல் இப்போது சரியாகிறது. f7-இன் பாதையை f6 குதிரை அடைத்துவிட்டதால் ராணி தாக்குதலுக்கு அஞ்சி விலக வேண்டும். c2-ஐயும் காக்க வேண்டும். அது d1-க்கே, புறப்பட்ட வீட்டுக்கே திரும்புகிறது என்போம். கறுப்பு நடுவில் d5 என்று அடிக்கிறது. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டினால், c8 பிஷப் g4 சிப்பாயை வெட்டி மீண்டும் ராணியைக் குறிவைக்கிறது. வெள்ளை f3 என்று தடுத்துப் பிஷப்பைத் தாக்குகிறது. இப்போது கறுப்பின் அழகான நகர்வு வருகிறது: f6 குதிரை e4-க்குப் பாய்கிறது.

அந்தக் குதிரையை f3 சிப்பாய் வெட்டினால் பிஷப்பின் பாதை திறந்து d1 ராணி பறிபோகும். பிஷப்பை வெட்டினால் கறுப்பு ராணி h4-இலிருந்து செக் சொல்லும். ராஜா e2-க்குப் போக முடியாது, d4 குதிரை அதைக் காக்கிறது. மிஞ்சிய f1-க்கு ராஜா போனால், ராணி f2-இல் இறங்கி செக்மேட்.

```
5. g4 Nd4   6. Qd1 d5
7. exd5 Bxg4   8. f3 Ne4
9. fxg4 Qh4+   10. Kf1 Qf2#
```

ஆனால் எதிரே இருப்பவர் விவரமானவர் என்றால் g4 ஆடமாட்டார். நகமுரா ஆடவில்லை. அவர் குதிரையை e2-இல் வைத்தார். அது d4 கட்டத்தைக் காக்கிறது. சசிகிரணும் ராணியை வேட்டையாடக் கிளம்பவில்லை. நாலாம் நகர்வு வரை மேலே சொன்ன நகர்வுகளை அதே வரிசையில் ஆடி, பிஷப்பை g7-இல் அமர்த்திச் சாதாரணமாக ஆட்டத்தை நடத்தினார். நகமுராவுக்குத் தொடக்கத்திலிருந்து ஆடத் தகுந்த நிலையே கிடைத்தது. அவர் தவறியது நடு ஆட்டத்தில். ஆட்டத்தை வென்றவர் சசிகிரண். சீக்கிரம் வந்த ராணி தவறான நகர்வு, ஆனால் தோற்கடிக்கும் அளவுக்குத் தவறல்ல. சரியான பதிலால் கறுப்புக்குக் கிடைப்பது வெற்றி அல்ல, நிம்மதியான சமநிலையும் சற்றே கூடுதலான வேகமும்தான். அதற்கு மேல் எதிர்பார்த்து ராணியைத் துரத்துகிறவர்தான் இந்தத் தொடக்கத்தில் அதிகம் தோற்கிறார்.

இந்த நகர்வுகளை மனப்பாடம் செய்வது எவ்வளவு தூரம் உதவும் என்பதைச் சோதிக்க, கறுப்பின் முதல் நகர்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். e5-க்குப் பதிலாகச் சிசிலியன் முறையில் c5 ஆடினால், h5-க்கு வரும் ராணி அதே குறுக்குவாட்டில் c5 சிப்பாயைக் குறிவைக்கிறது. இங்கே குதிரையை f6-க்கு ஆடி ராணியைத் தாக்குவதில் தயக்கமே வேண்டாம். ராணி c5-ஐ வெட்டினால் அது செக் அல்ல. குதிரை உடனே e4 சிப்பாயை வெட்டி ராணியையும் தாக்கும். இழந்த சிப்பாய் திரும்பிவிட்டது, குதிரை நடுப் பலகையில் நிற்கிறது. e5 ஆடிய பலகையில் இது நடக்காது. அங்கே ராணி செக்குடன் வெட்டும், வெட்டிய இடத்திலிருந்து e4-ஐயும் காக்கும். ஆகவே ராணி வந்து நின்றதும் மூன்றைப் பாருங்கள்: இந்த நொடியில் எந்தக் காய் காவலின்றி நிற்கிறது, அதை வெட்டும்போது செக் விழுமா, அதைக் காக்கும் நகர்வு எப்படியும் ஆட வேண்டிய ஒன்றா. மூன்றாவதற்கு ஆம் என்று வந்தால் அந்த நகர்வை ஆடுங்கள். ராணியை விரட்டும் வேலையை, காவல் நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.