சுவரில் தொடங்கும் தொய்வு

1638இல் லெய்டன் நகரில் வெளியான கலிலியோவின் 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. இடிந்த சுவரிலிருந்து ஒரு மர உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் பாறாங்கல் தொங்கும். இப்படி ஒரு முனை சுவரில் பதிந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்பதுதான் கேன்டிலீவர் பீம். நம் வீட்டுப் பால்கனியைத் தாங்குவதும் பல இடங்களில் இதுவே.

உத்தரம் எப்போது முறியும் என்றுதான் கலிலியோ கேட்டார். முறிவதற்கு வெகு முன்பே எவ்வளவு தொய்யும்? அதற்கு வழி திறந்தவர் யாக்கோப் பெர்னூலி. ஓரிடத்தில் பீம் எவ்வளவு வளைகிறது என்பது அங்கே செயல்படும் திருப்புத்திறனைப் பொறுத்தது என்ற கருத்தை 1694இல் அவர் வெளியிட்டார். இன்றைய வடிவில் அது இவ்வளவுதான்:

EI·y″ = M

M என்பது திருப்புத்திறன். E பொருளின் விறைப்பு, I குறுக்குவெட்டு வடிவம் தரும் விறைப்பு. y என்பது கீழ்நோக்கிய தொய்வு. y″ வளைவைக் குறிக்கிறது. அதை ஒருமுறை தொகையிட்டால் சாய்வு கிடைக்கும். மறுமுறை தொகையிட்டால் தொய்வு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் நீளமுள்ள, ஐ.எஸ்.எம்.பி. 200 வகை எஃகு பீம். அதன் EI சுமார் 44.7 லட்சம் நியூட்டன்-சதுரமீட்டர். நுனியில் 5,000 நியூட்டன் சுமை, அதாவது ஏறக்குறைய 500 கிலோ எடை. தூரம் x-ஐச் சுவரிலிருந்து அளந்தால் M = P(L − x). இரண்டு முறை தொகையிட:

EI·y′ = P(Lx − x²/2) + C₁

EI·y = P(Lx²/2 − x³/6) + C₁x + C₂

C₁, C₂ என்ற இரண்டு மாறிலிகள் வந்து ஒட்டிக்கொண்டன. பேருந்து ஓடிய வேகம் தெரிந்தாலும், கிளம்பிய இடம் தெரியாமல் அது இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. இங்கே கிளம்பும் இடம் சுவர். அங்கே பீம் இறங்கவில்லை; எனவே y = 0. சாயவும் இல்லை; எனவே y′ = 0. இவையே எல்லை நிபந்தனைகள். x = 0 என்று இட்டால் இரு மாறிலிகளும் பூச்சியமாகின்றன. நுனியில் தொய்வு PL³/3EI, அதாவது 3 மில்லிமீட்டர்.

மாணவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். திருப்புத்திறன் M = Px என்று எளிதாக வருகிறதே என x-ஐ நுனியிலிருந்து அளப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் பழக்கத்தில் மாறிலிகளைப் பூச்சியமாக்கிவிடுவார்கள். இப்போது சுவர் இருப்பது x = L என்ற இடத்தில்; நிபந்தனைகளை அங்கேதான் இட வேண்டும். அப்படி இட்டால் C₁ = −PL²/2, C₂ = PL³/3; விடை மீண்டும் அதே 3 மி.மீ. இடாமல் விட்டால், சுமை தொங்கும் நுனி அசையாமல் நிற்க, சுவருக்குள் பதிந்த முனை 1.5 மி.மீ. இறங்கியதாகச் சூத்திரம் சொல்லும். விடை கிடைத்ததும் சுவரின் இடத்தை அதில் பொருத்திப் பார்த்தாலே பிழை வெளிப்பட்டுவிடும்.

தாளில் சரியாகப் போட்ட நிபந்தனையும் கட்டடத்தில் பொய்க்கலாம். சுவரில் சாய்வு பூச்சியம் என்று எழுதினோம். ஆனால் பீமைப் பிடித்திருக்கும் தகடு வளைந்தாலோ, போல்ட் சற்று இழுபட்டாலோ அந்த முனை கொஞ்சம் திரும்பும். அது 0.001 ரேடியன் திரும்புவதாகக் கொள்வோம். ஒரு டிகிரியில் பதினேழில் ஒரு பங்குதான். C₁ இனி பூச்சியமல்ல. 2 மீட்டர் தாண்டிய நுனியில் அது மேலும் 2 மி.மீ. இறக்கத்தைச் சேர்க்கிறது. மொத்தம் 5 மி.மீ.

இப்போது தளத்தில் நிற்கும் பொறியாளர் 3 எதிர்பார்த்து 5 அளக்கிறார். பீம் மெலிந்ததா, பிடி தளர்ந்ததா? நடுவிலும் ஒரு டயல் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். சுவர்முனை கெட்டியாக இருந்தால், நடுப்புள்ளியின் தொய்வு எப்போதும் நுனித்தொய்வில் 5/16 பங்குதான், இங்கே 1.56 மி.மீ. பிடி திரும்பியிருந்தால், அதனால் வரும் இறக்கம் சுவரிலிருந்து நேர்கோட்டில் வளர்வதால் நடுவில் 1 மி.மீ. கூடும், வளைவால் வரும் 0.93-உம் சேர்ந்து 1.93 மி.மீ. காட்டும்.

இந்த வேறுபாடு செலவையும் தீர்மானிக்கிறது. பிடி திரும்பும் பீமை எடுத்துவிட்டு, I இரண்டு மடங்கான கனத்த பீமை அதே தகட்டில் பொருத்தினால், 3 மி.மீ. மட்டும் 1.5 ஆகக் குறையும். பிடியால் வந்த 2 மி.மீ. அப்படியே நிற்கும். பழைய பீமை வைத்துக்கொண்டு தகட்டையும் போல்ட்டையும் சரிசெய்தால் அந்த 2 மி.மீ. முழுதும் போய்விடும்.