பராமரிப்புப் பணம் எங்கே போச்சு?

ஏப்ரல் பிறந்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருளாளரின் கடிதம் வரும். வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று இரண்டே எண்கள் இருந்தால் அது பாதிக் கணக்குதான்.

உதாரணத்துக்கு, சென்னையில் 40 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு வரவேண்டியது 14,40,000. வங்கிக்கு வந்தது 13,80,000, போனது 14,10,000. பார்த்தவுடன் 30,000 ரூபாய் துண்டு விழுந்ததாகத் தோன்றும்.

ஆனால் வந்த பணத்தில் 36,000 சிலர் அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே கட்டியது. நான்கு வீடுகள் எட்டு மாதமாகக் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி 96,000. செலவிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மார்ச் மாதத் தண்ணீர் லாரிக்கான 45,000 ரூபாய் பில்லுக்கு ஏப்ரலில்தான் பணம் கொடுக்கப்போகிறார்கள். அதையும் சேர்த்தால் இந்த ஆண்டின் உண்மைச் செலவு 14,55,000.

ஆக, எல்லோரும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் 15,000 பற்றாக்குறைதான். வீட்டுக்கு மாதம் சுமார் 31 ரூபாய். பாக்கியை வசூலித்தால் கையிருப்பு கூடும். இந்தப் பள்ளம் மூடாது.

கடிதத்தைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் 2,10,000 இருந்திருந்தால், மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் 1,80,000 இருக்க வேண்டும். குறைந்தால் வவுச்சர்களைக் கேட்கலாம். கூடியிருந்தால், கொடுத்த காசோலை ஏதாவது இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கக்கூடும்.