முன்னுரிமைப் பங்கு: யாரை முந்தும், யாரை முந்தாது?

மேற்கு வங்கத்தில் துர்காபூருக்குப் பக்கத்தில் பானாகர் என்று ஓர் ஊர். அங்கே மேட்டிக்ஸ் ஃபெர்டிலைசர்ஸ் என்ற கம்பெனி பெரிய உரத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டியது. கட்டுமான வேலையை எடுத்தது எஸ்ஸார் குழுமத்தின் ஒப்பந்தக் கம்பெனி. பின்னாளில் அதற்கு ஈபிசி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்று பெயர் மாறியது. வேலைக்கான பாக்கி பல நூறு கோடியாக ஏறிக்கொண்டே போனது. உரக் கம்பெனிக்கோ பணத்தட்டுப்பாடு. கடனுக்கும் சொந்த மூலதனத்துக்கும் உள்ள விகிதத்தை வங்கிகள் ஏற்கும் அளவில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அதற்கு இருந்தது.

இரு தரப்பும் பேசி ஒரு வழி கண்டன. பாக்கியில் 250 கோடி ரூபாய்க்குப் பணத்துக்குப் பதிலாகப் பங்கு கொடுப்பது என்று முடிவானது. 2015-இல் தலா 10 ரூபாய் மதிப்பில் 25 கோடி முன்னுரிமைப் பங்குகள் ஒப்பந்தக்காரருக்கு ஒதுக்கப்பட்டன. ஆண்டுக்கு 8 சதவீத டிவிடெண்ட். ஒரு வருடம் தராவிட்டால் அது அடுத்த வருடக் கணக்கில் சேரும். மூன்று வருட முடிவில் முதலைத் திருப்பித் தர வேண்டும். நிபந்தனைகளைப் படித்தால் மூன்று வருட ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரியேதான் தெரியும்.

2018-இல் தவணை முடிந்தது. அதற்குள் ஒப்பந்தக்காரக் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தது. அதன் பொறுப்பை ஏற்றிருந்த அதிகாரி, முதல் 250 கோடியும் மூன்று வருட டிவிடெண்ட் 60 கோடியும் சேர்த்து 310 கோடியைக் கேட்டார். பணம் வரவில்லை. வாங்கிய கடனைக் கட்டாத கம்பெனி என்று உரக் கம்பெனி மீது திவால் சட்டத்தின் கீழ் மனு போடப்பட்டது. கொல்கத்தா தீர்ப்பாயம் அதைத் தள்ளியது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தள்ளியது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பவர் பங்குதாரர், கடன் கொடுத்தவர் அல்ல. பாக்கியைப் பங்காக மாற்றிக்கொள்ளச் சம்மதித்த அன்றே பழைய கடன் தீர்ந்துபோயிற்று. கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பங்குகளைப் பொறுப்பு என்ற தலைப்பில் காட்டியிருந்தது உண்மைதான். ஆனால் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்பதை வைத்து அதன் சட்டத் தன்மை மாறிவிடாது.

‘முன்னுரிமை’ என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு எல்லோருக்கும் முன்னால் என்று தோன்றிவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 43-ஆம் பிரிவில், இந்தப் பங்குக்கு இரண்டு முன்னுரிமைகளைத் தருகிறது. டிவிடெண்ட் கொடுக்கும்போது ஒன்று, கம்பெனி கலைக்கப்பட்டு மூலதனம் திரும்பும்போது மற்றொன்று. இரண்டுமே சாதாரணப் பங்குதாரருக்கு எதிரான முன்னுரிமைகள். வங்கி, தொழிலாளி, சரக்கு கொடுத்தவர், வரித்துறை ஆகிய யாரையும் இந்தப் பங்கு முந்துவதில்லை.

முதலில் டிவிடெண்டைப் பார்ப்போம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னுரிமைப் பங்கு மூலதனம் 1 கோடி ரூபாய், டிவிடெண்ட் 9 சதவீதம், நிலுவை சேரும் வகை. சாதாரணப் பங்கு மூலதனம் 2 கோடி. முதல் இரண்டு வருடம் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, டிவிடெண்டும் இல்லை. வருடத்துக்கு 9 லட்சம் என்று 18 லட்சம் நிலுவை நிற்கிறது. மூன்றாவது வருடம் வரி போக 40 லட்சம் லாபம் வருகிறது. சாதாரணப் பங்குக்கு ஒரு ரூபாய் தர வேண்டுமானால்கூட, முதலில் பழைய 18 லட்சத்தையும் இந்த வருடத்து 9 லட்சத்தையும் முன்னுரிமைப் பங்குதாரருக்கு எண்ணி வைத்தாக வேண்டும். மிச்சம் 13 லட்சம். அதை முழுவதும் பிரித்தால் சாதாரணப் பங்குக்கு ஆறரை சதவீதம் கிடைக்கும். பங்கு நிலுவை சேராத வகையாக இருந்திருந்தால் 9 லட்சத்தோடு கணக்கு முடிந்திருக்கும். 31 லட்சம் மற்றவர்களுக்குப் போயிருக்கும். பங்கின் பெயரில் வரும் ஒரு சொல்லுக்கு இங்கே 18 லட்சம் மதிப்பு.

நான்காவது வருடம் கம்பெனி ஓகோவென்று ஓடி ஒன்றரைக் கோடி லாபம் பார்க்கிறது என்றால்? முன்னுரிமைப் பங்குதாரருக்கு அதே 9 லட்சம்தான். மீதி 1 கோடியே 41 லட்சமும், கையில் கொடுத்தாலும் கம்பெனியிலேயே வைத்திருந்தாலும், சாதாரணப் பங்குதாரருடையது. உபரியிலும் பங்கு உண்டு என்று வெளியீட்டு நிபந்தனையில் எழுதியிருந்தால் ஒழிய இதற்கு மேல் கேட்க முடியாது.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. லாபம் வந்தாலும் டிவிடெண்ட் அறிவிக்க வேண்டும் என்று கம்பெனியைப் பொதுவாக யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அறிவித்த பிறகுதான் அது கம்பெனி தர வேண்டிய கடனாகிறது. அதுவரை முன்னுரிமைப் பங்குதாரர் கையில் இருப்பது, சாதாரணப் பங்குக்குத் தந்தால் எனக்கு முதலில் தர வேண்டும் என்கிற உரிமை மட்டும்தான். இதற்கு ஈடாகச் சட்டம் ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. வழக்கமாக இவர்களுக்குத் தங்கள் உரிமையை நேரடியாகப் பாதிக்கும் தீர்மானங்கள் போன்ற சிலவற்றில்தான் ஓட்டு உண்டு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ டிவிடெண்ட் தராமல் விட்டால், 47-ஆம் பிரிவின்படி எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டுப் போடலாம். நம் பம்ப் கம்பெனியில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. முதலாளி குடும்பம் பெரும்பான்மை சாதாரணப் பங்குகளை வைத்திருக்கிற கம்பெனிகளில் அந்த ஓட்டால் எதையும் மாற்ற முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

இனி கம்பெனியை மூடும் கட்டம். கடனில் மூழ்கி மூடுகிற கம்பெனியின் சொத்தை விற்ற பணம் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் 53-ஆம் பிரிவில் சொல்கிறது. முதலில் திவால் நடவடிக்கைக்கும் கலைப்புக்கும் ஆன செலவு. அடுத்து, தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள நிலுவையும், அடமானத்தை விட்டுக்கொடுத்துப் பொது வரிசைக்கு வந்த வங்கிகளின் கடனும் சம நிலையில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை. அதன்பின் அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசுக்குச் சேர வேண்டியது, சரக்குக் கொடுத்தவர் உள்ளிட்ட மற்ற எல்லாக் கடன்களும் வரும். இத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு போடுகிற பந்திதான் முன்னுரிமைப் பங்குதாரருக்கு. அதற்குப் பின்னால் இருப்பது சாதாரணப் பங்குதாரரின் பந்தி மட்டுமே.

நம் பம்ப் கம்பெனிக்கே திரும்புவோம். பங்குதாரர் வரிசைக்கு முன்னால் நிற்கிற எல்லாருக்கும் சேர்த்துத் தர வேண்டியது 5 கோடி. நிலம், கட்டடம், எந்திரம் எல்லாவற்றையும் விற்று நாலரைக் கோடி கிடைத்தால் இரு வகைப் பங்குதாரருக்கும் பூஜ்யம். 5 கோடியே 60 லட்சம் கிடைத்தால் முன்னுரிமைப் பங்குக்கு 60 லட்சம், சாதாரணப் பங்குக்கு ஒன்றுமில்லை. 7 கோடி கிடைத்தால் முன்னவருக்கு 1 கோடி முழுதாகத் திரும்பும். பின்னவருக்கு 1 கோடி, அதாவது போட்டதில் பாதி. நிலத்தின் விலை எகிறி 12 கோடிக்குப் போனால் முன்னுரிமைப் பங்குக்கு அதே 1 கோடி, சாதாரணப் பங்குக்கு 6 கோடி.

சொத்து விற்பனை 5 கோடிக்குக் கீழே போனால் முன்னுரிமையால் பயனே இல்லை. 8 கோடியைத் தாண்டினால் அது தேவையே இல்லை. இரண்டு தரப்பும் போட்ட முதலை எடுத்துவிடுகின்றன, அதற்கு மேல் வருவதெல்லாம் சாதாரணப் பங்குக்கே. இடையில் உள்ள அந்த இடைவெளியில்தான் இது நம்மைக் காப்பாற்றும். இந்தியாவில் திவாலாகி மூடுகிற கம்பெனிகள் பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை. வங்கிக் கடனிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. கம்பெனி மூடாமல் கை மாறினாலும் இதே கதைதான். 2021-இல் திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் பிரமல் குழுமத்துக்குப் போனபோது, அதன் சாதாரணப் பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதி முடித்தார்கள்.

மூடும்போது டிவிடெண்ட் நிலுவை கிடைக்குமா என்பதும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. போட்ட முதலில் முன்னுரிமை என்பது சட்டம் தருவது. பழைய நிலுவையையும் சேர்த்துத் தர வேண்டுமா என்பது கம்பெனியின் அமைப்பு விதிகளிலும் வெளியீட்டு நிபந்தனையிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பானாகர் வழக்கு வேறு ஒரு இடத்தையும் தொட்டது. தவணை முடிந்ததும் முதலைத் திருப்பித் தருவது கம்பெனி நினைத்தாலும் எப்போதும் முடியாது. டிவிடெண்டாகப் பிரிக்கத் தகுந்த லாபத்திலிருந்தோ, இதற்கென்றே புதிதாக வெளியிட்ட பங்கின் பணத்திலிருந்தோதான் தர வேண்டும் என்று 55-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வங்கியில் கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ அப்படியே தந்துவிட முடியாது. மூலதனம் கரைந்தால் கடன் கொடுத்தவர்கள் ஏமாறுவார்கள் என்பதுதான் காரணம். உரக் கம்பெனியிடம் அப்படிப்பட்ட லாபம் இல்லை. ஆகவே திருப்பித் தரும் கடமையே இன்னும் எழவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. இப்படித் தர முடியாத கம்பெனி, அந்தப் பங்குகளில் முக்கால் பங்கு மதிப்பை வைத்திருப்பவர்களின் சம்மதத்தோடும் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடும், பழைய பங்குக்குப் பதிலாகப் புதிய முன்னுரிமைப் பங்கையே கொடுக்கலாம். சம்மதிக்காதவர்களுக்கு மட்டும் பணத்தை உடனே தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும்.

சாதாரண முதலீட்டாளர் பெரும்பாலும் போனஸாகத்தான் இந்தப் பங்கைப் பார்க்கிறார். ஜீ என்டர்டெயின்மென்ட் 2014-இல் ஒரு பங்குக்கு 21 வீதம், தலா 1 ரூபாய் மதிப்பில், 6 சதவீத முன்னுரிமைப் பங்குகளைக் கொடுத்தது. இப்படி வருவதில் கவலைப்பட அதிகம் இல்லை. யாராவது வீடு தேடி வந்து, வங்கியைவிட இரண்டு சதவீதம் கூட, முன்னுரிமை வேறு இருக்கிறது என்று ஒரு தனியார் கம்பெனியின் முன்னுரிமைப் பங்கை விற்கப் பார்த்தால், அந்தக் கம்பெனியின் கடைசி மூன்று வருட நிதிநிலை அறிக்கையைக் கேளுங்கள். பிரித்துக் கொடுக்கும்படியான லாபம் சேர்ந்திருக்கிறதா, குறிப்புகளில் பழைய முன்னுரிமை டிவிடெண்ட் நிலுவை எதுவும் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாபம் இல்லை, நிலுவை இருக்கிறது என்றால், சதவீதம் எவ்வளவு சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.