கையகலப் படத்திலே ஒரு முகம்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறும் தம் அம்மம்மாவை எமது மாணவர் ஒருவர் காணொளியாக எடுத்திருந்தார். அக்காலத்துக் கடற்பயணங்களை அம்மூதாட்டி சொல்லக் கேட்பதே ஓர் இன்பம். ஆயினும் யூடியூபில் அதனைத் திறந்து பார்ப்பாரில்லை. காரணம் முகப்புப் படமே என்பது எமது துணிபு.

முதலில் அவர் இட்டிருந்தது விரிந்த கடலும், தொலைவில் நாகபூஷணி அம்மன் கோபுரமும், படகின் ஓரத்தில் அம்மையாரும் கொண்ட படம். கணினித் திரையிலே அழகுதான். ஆனால் 1280 புள்ளி அகலத்தில் அமைக்கும் முகப்புப் படம், கைத்தொலைபேசிப் பட்டியலிலே சில வேளை 160 புள்ளி அளவுக்கு, அதாவது எட்டிலொன்றாகச் சுருங்கிவிடும். 80 புள்ளி உயரமிருந்த முகம் பத்தாகிவிட்டால் அதிலே கண்ணேது, மூக்கேது? போதாக்குறைக்கு, பின்னால் நண்பகற் கடல் பளிச்சிட்டமையால் முகம் வெறும் நிழலாகவே கிடந்தது. பின்னணி வெளிச்சமாயிருந்தாற் போதும் என்பது தவறு; கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையிலும் ஒளி வேற்றுமை வேண்டும்.

ஆகவே காணொளியை மெல்ல ஓட்டிப் பார்த்தோம். படகின் கூரை நிழலில் அவர் பக்கவாட்டாகத் திரும்ப, யன்னலொளி கன்னத்தில் விழுந்த கணமொன்று அகப்பட்டது. 1920க்கு 1080 அளவான அக்காட்சியில் முகம் காற்பங்கு உயரமே இருந்தது. நடுவே 960க்கு 540 அளவில் வெட்டியெடுக்க, முகம் பாதி உயரமாயிற்று. சுருங்கிய படத்திலும் அது 45 புள்ளி தேறும். இன்னும் நெருக்கி வெட்டினால் பெரிதாக்கும்போது படம் மங்கும், அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

எழுத்திலேதான் வழக்கு மூண்டது. "நயினாதீவுப் படகுப் பயணம்" என்று சிவப்பிலே எழுதியிருந்தார் மாணவர். படத்தின் நிறத்தை நீக்கிப் பார்த்தோம்: சிவப்பெழுத்தும் நீலக் கடலும் ஒரே சாம்பலாய்க் கலந்துபோயின! நிறம் வேறாயினும் ஒளியளவு ஒன்றாயிருந்தால் எழுத்து எழும்பாது. தமிழுக்கு இன்னுமொரு தொல்லையுண்டு. சிறுத்துவிட்டால் புள்ளிகள் மறைந்து 'ப்' 'ப' ஆகும். சுழி அடைபட்டுத் 'தீ' 'தி' ஆகும். தலைப்பு எப்படியும் படத்தின் கீழே வருவதுதானே? ஆதலால் "நயினை" என்ற ஒரு சொல்லை மட்டும், 180 புள்ளி உயரத்தில், கூரை நிழலின் கருமைமேல் வெள்ளையாக இடப்பக்கம் இட்டோம். வலது கீழ்மூலையைத் தொடவில்லை. காணொளியின் கால அளவு அங்கே ஒட்டிக்கொள்ளும்.

இணையத்தில் ஏற்றுமுன் படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பி, கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, வெயிலிலே கைநீட்டிப் பார்த்தோம். சொல்லும் புரிந்தது, முகமும் தெரிந்தது. அம்மையாரிடம் காட்டி இசைவு கேட்டார் பேரன். கண்ணாடியைத் தேடாமலே அவர் சொன்னார்:

"இப்பதான் மோனை, இது நானெண்டு தெரியுது. முந்தினதில நான் கடலைத்தான் கண்டனான்."