மூன்றாம் நாள் தடம் மாறும் துடிப்பு

இதய அறுவை வார்டுகளில் அடிக்கடி காணக்கூடிய நோயாளி அவர். வயது 68. மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு இருந்ததால் பைபாஸ் செய்தார்கள். அறுவை நன்றாக முடிந்தது. மறுநாள் வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில் நெஞ்சு படபடக்கிறது என்றார். மானிட்டரில் துடிப்பு நிமிடத்துக்கு 140. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருந்தது. ஈசிஜியில், மேலறைகள் சுருங்குவதைக் காட்டும் சிறிய பி அலையைக் காணவில்லை.

இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல், பல இடங்களில் தனித்தனியாக நடுங்குகின்றன. தாறுமாறாக வரும் அந்த மின்தூண்டல்களில் சிலவே கீழறைகளுக்கு இறங்குகின்றன. அதனால் நாடியில் வேகமும் ஒழுங்கின்மையும் சேர்ந்தே தெரியும். பைபாஸ் செய்துகொள்பவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இதற்கு ஆளாகிறார்கள். வால்வு அறுவையும் சேர்ந்தால் எண்ணிக்கை பாதியை நெருங்கும்.

குடும்பத்தார் பதறுவது இயல்பு. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி மருத்துவர்களையும் நெடுநாளாக யோசிக்க வைத்த கேள்விதான். இதயத்தை நிறுத்தியது முதல் நாள். அது அன்றே ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கியும் விட்டது. அப்படியிருக்க, இரண்டாம் மூன்றாம் நாளில் தாளம் தப்புவது ஏன்?

விடை தேட அறுவை அரங்கிலிருந்தே தொடங்க வேண்டும். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் குழாயைத் தைப்பது கடினம். அதனால் பெரும்பாலும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடுதான் அறுவை நடக்கிறது. வலது மேலறைக்குள் ஒரு தடித்த குழாய் நுழைக்கப்படுகிறது. உடலிலிருந்து திரும்பும் ரத்தம் அதன் வழியே ஒரு தொட்டியில் இறங்குகிறது. பம்ப் அதை ஆக்சிஜனேற்றும் சவ்வு வழியாகவும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு வழியாகவும் தள்ளி, வடிகட்டி, மகாதமனிக்குள் திருப்பி அனுப்புகிறது. ரத்தம் இந்தப் பிளாஸ்டிக் பாதையில் உறைந்துவிடாமலிருக்க முன்னதாகவே அதிக அளவில் ஹெப்பாரின் கொடுக்கப்படும். இவ்வளவையும் கண்காணிப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத் துளையை அடைத்தபோது, அவருடைய இயந்திரம் 26 நிமிடம் இதயத்தின் வேலையை முழுதாக ஏற்றுக்கொண்டது. இன்று ஒன்றிரண்டு மணி நேரம் ஏற்பது அன்றாட நடப்பு.

இயந்திரம் உடலைக் காக்கிறது. இதயத்தை நிறுத்துவது பொட்டாசியம். மகாதமனியைக் கவ்வியால் மூடியதும் இதயத் தசைக்கு ரத்தம் கிடைக்காது. அப்போது குளிர்ந்த கார்டியோபிளீஜியா கரைசலை இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களுக்குள் செலுத்துகிறார்கள். நம் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். இந்தக் கரைசலில் அதைப்போல் நான்கைந்து மடங்கு. வெளியே பொட்டாசியம் இவ்வளவு உயர்ந்தால் தசைச் செல்லின் சோடியம் வாயில்கள் அடைபட்டுவிடும். அடுத்த மின்தூண்டல் பிறக்க வழியில்லை. இதயம் தளர்ந்த நிலையில் நின்றுவிடுகிறது, ஆக்சிஜன் தேவையும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வழக்கமான கரைசலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் செலுத்த வேண்டும்.

இந்த அளவைக் கண்டுபிடிக்கக் கொடுத்த விலை அதிகம். லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் 1955-இல் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். ஆனால் அடர்த்தி மிகுந்த அந்தக் கரைசல் தசையையே அழித்ததால் முறை கைவிடப்பட்டது. 1970-களில்தான் குறைந்த அளவோடு அது திரும்பி வந்தது.

இங்கே ஒரு நுட்பமான குறை உண்டு. கீழறைகளின் தடித்த சுவரை இந்தக் கரைசல் நன்றாகக் காக்கிறது. மெல்லிய சுவருள்ள மேலறைகள் அந்த அளவுக்குக் காக்கப்படுவதில்லை. உடலிலிருந்து திரும்பும் வெதுவெதுப்பான ரத்தம் வலது மேலறையைத் தொட்டுக்கொண்டே போகிறது. அதனால் மேலறைச் சுவர் சீக்கிரம் சூடேறுகிறது. கீழறைகள் முற்றிலும் அடங்கிக் கிடக்கும்போதே மேலறைகளில் மெல்லிய மின்செயல்பாடு தொடர்வதும் உண்டு. குழாய் நுழைத்த துளையும் தையலும் வேறு அங்கே இருக்கின்றன.

அப்படியானால் குற்றவாளி இயந்திரமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. இயந்திரமே இல்லாமல், துடிக்கும் இதயத்தில் செய்யும் பைபாஸுக்குப் பிறகும் இந்தத் தாளக்கேடு வருகிறது. இதயத்தைத் தொடாத நுரையீரல் அறுவைக்குப் பிறகும் சிலருக்கு வருகிறது. அரங்கில் நடந்தவை நிலத்தைப் பக்குவப்படுத்துகின்றன. விதை பிறகுதான் விழுகிறது.

அந்த விதை பெரும்பாலும் அழற்சி. நெஞ்சைத் திறந்ததும், ரத்தம் செயற்கைப் பரப்புகளைத் தொட்டதும், நின்றிருந்த தசைக்கு மறுபடி ரத்தம் பாய்ந்ததும் உடலின் தற்காப்பைத் தட்டி எழுப்புகின்றன. அழற்சியை அளக்க உதவும் சி-ரியாக்டிவ் புரதம் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது இரண்டு, மூன்றாம் நாளில். தாளம் அதிகம் தப்புவதும் அதே நாட்களில்தான். வலியாலும் மன அழுத்தத்தாலும் அட்ரினலின் உயர்ந்திருக்கிறது. திசுக்களில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி மேலறைகளை விரிக்கிறது. வயதானவர்களின் மேலறையில் ஏற்கெனவே நார்த்திசு படிந்திருப்பதால் மின்னோட்டம் சில இடங்களில் வேகமாகவும் சில இடங்களில் மெதுவாகவும் ஓடும். தூண்டல் ஒன்று அந்த இடைவெளிகளில் சுழலத் தொடங்கினால் போதும். எல்லா ஆபத்துக் காரணிகளிலும் வயதே முன்னால் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதயத்தைச் சுற்றித் தேங்கும் ரத்தத்தின் பங்கு அண்மையில்தான் தெளிவானது. வடிகுழாய் வைத்தாலும் இதய உறையின் பின்புறத்தில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். அது சிதையும்போது அருகிலுள்ள இடது மேலறையை உறுத்துகிறது. நியூயார்க்கில் மாரியோ கௌடினோ குழுவினர் 420 பேரிடம் ஓர் எளிய வழியைச் சோதித்து, முடிவை 2021-இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு இதய உறையின் பின்பக்கத்தில் ஒரு நீண்ட கீறல் போட்டு, தேங்கும் ரத்தம் இடது நெஞ்சறைக்குள் வடிய விட்டார்கள். கீறல் இல்லாதவர்களில் 32 சதவீதம் பேருக்குத் தாளம் தப்பியது. கீறல் போட்டவர்களில் 17 சதவீதம். புது மருந்தும் இல்லை, இயந்திரத்தில் மாற்றமும் இல்லை. காரணம் எங்கே கிடக்கிறது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய சோதனை அரிது.

நம் 68 வயதுக்காரரிடம் வருவோம். முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அது விழுந்திருந்தால் உடனே மின்அதிர்ச்சி கொடுத்திருப்பார்கள். அழுத்தம் சரியாக இருந்ததால் பொட்டாசியமும் மெக்னீசியமும் பரிசோதித்து, பீட்டா பிளாக்கர் கொடுத்து வேகத்தைக் குறைத்தார்கள். அறுவைக்கு முன் சாப்பிட்டுவந்த அந்த மாத்திரை இடையில் நின்றுபோனதும் தூண்டுதலில் ஒன்று. தாளத்தைத் திருப்ப அமியோடரோன் ஏறியது.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எனவே தாளக்கேடு 48 மணி நேரத்தைத் தாண்டினால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பற்றி யோசிக்கிறார்கள். புதுத் தையல்கள் உள்ள நெஞ்சில் அந்த மருந்தே ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால் இது சுலபமான முடிவல்ல. பெரும்பாலோருக்கு ஆறெட்டு வாரத்துக்குள் துடிப்பு சீராகிவிடுகிறது. ஆனாலும் இப்படி ஒருமுறை வந்தவர்களுக்குப் பின்னாளில் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே வீடு திரும்பிய பிறகும் ஈசிஜி எடுத்துப் பார்த்த பின்பே அந்த மருந்துகளை நிறுத்துவதா தொடர்வதா என்று மருத்துவர் சொல்வார். நலமாக இருக்கிறோம் என்று நோயாளி தானாக அவற்றை விட்டுவிடக் கூடாது.